காசிமேட்டில் நடந்தபடி எடுத்த ஷாட்: கைப்பிடி, கிம்பல், மென்பொருள்

கையில் பிடித்து எடுத்த காட்சி ஆடினால் எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று எங்கள் தொழிலில் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. மென்பொருளால் ஃபிரேமை நகர்த்த முடியும், திருப்ப முடியும், பெரிதாக்க முடியும். ஆனால் ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் கேமரா அசைந்ததால் ஃபிரேமுக்குள்ளேயே இழுபட்டுப் பதிந்துவிட்ட ஒளியை அதனால் திரும்பக் குவிக்க முடியாது. எனவே ஒரு ஷாட்டைக் கைப்பிடி, மோட்டார்கள் வைத்த கிம்பல், எடிட்டிங் மென்பொருள் என்ற மூன்றில் எந்த வழியில் நிலைப்படுத்தப் போகிறோம் என்பதைப் படம் எடுப்பதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. அந்த முடிவைப் பொறுத்து ஷட்டரும் ஐஎஸ்ஓவும் மாறும். எத்தனை பிக்சல் கைக்கு மிஞ்சும் என்பதும் மாறும். ராயபுரத்தில் இருந்துகொண்டு கல்யாண வீடியோக்களும் அவ்வப்போது சிறு ஆவணப்படங்களும் எடுக்கிற எனக்கு இது தெளிவாகப் புரிந்தது, காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களைப் பற்றிய ஒரு குறும்படத்துக்காக ஒரே ஷாட்டை வெவ்வேறு விடிகாலைகளில் வெவ்வேறு விதமாக எடுத்தபோதுதான்.

அந்த ஷாட் காகிதத்தில் எளிமையானது. ஏலத்தில் மீனை எடுத்த ஒரு பெண், அன்னக்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, கூட்டத்தை விலக்கியபடி துறைமுக வாசலில் நிற்கும் மீன்பாடி வண்டி வரை நடக்கிறார்; கேமரா அவர் பின்னாலேயே போகிறது. நேரம் இன்னும் இருட்டு விலகாத விடிகாலை. வெளிச்சம் தருபவை ஏலக்கூடத்து டியூப்லைட்டுகளும் எல்இடி விளக்குகளும்தான். தரையெல்லாம் ஐஸ் உருகிய நீர், மீன் செதில், இழுத்து வைத்த பிளாஸ்டிக் பெட்டிகள். கேமரா ஏபிஎஸ்-சி அளவுச் சென்சார் கொண்டது; சென்சாரை அசைத்து ஆட்டத்தைக் குறைக்கும் வசதி அதில் கிடையாது. லென்ஸ் 16 மில்லிமீட்டர், துளை எஃப் 2.8, பதிவு 3840 x 2160, வினாடிக்கு 25 ஃபிரேம். வழக்கப்படி ஷட்டரை 1/50 என்று வைத்தால் ஐஎஸ்ஓ 1600-இல் வெளிச்சம் சரியாக இருந்தது.

முதலில் வெறுங்கையால் எடுத்த பதிவைச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற இரண்டு வழிகளின் விலையும் அதிலிருந்துதான் தெரியவருகிறது. எடுத்த கோப்பை DaVinci Resolve என்ற எடிட்டிங் மென்பொருளில் போட்டு, Inspector-இல் Stabilization பகுதியைத் திறந்து, Similarity முறையில் நிலைப்படுத்தினேன். ஆட்டம் பெருமளவு நின்றது. கூடத்தின் தூண்கள் நிமிர்ந்து நின்றன, பெண்ணின் தலைமேல் இருந்த கூடை சீராக நகர்ந்தது. ஆனாலும் பார்க்கும்போது ஏதோ கண்ணை உறுத்தியது. படம் அடிக்கடி ஒரு கணம் மங்கி மீண்டும் தெளிவது போல இருந்தது. ஃபோகஸ் தடுமாறுகிறதோ என்று ஐயம் வருவது இயல்பு. ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தால் காரணம் புலப்படும். என் குதிகால் தரையில் இறங்கிய ஒவ்வொரு முறையும், ஈரத் தரையில் பிரதிபலித்த விளக்குப் புள்ளிகள் வட்டமாக இல்லாமல் சிறு கோடுகளாக இழுபட்டிருந்தன. அடுத்த சில ஃபிரேம்களில் அவை மறுபடியும் வட்டமாகிவிட்டன. ஃபோகஸ் தவறியிருந்தால் புள்ளி எல்லாப் பக்கமும் பரவி வீங்கும். அசைவால் மங்கியிருந்தால் ஒரே திசையில் நீளும். இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே எது எது என்று சொல்லிவிடலாம்.

ஆடிக்கொண்டிருக்கும் காட்சியில் இந்த மங்கல் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் ஃபிரேமே குலுங்கும்போது அதுவும் குலுக்கத்தோடு கலந்து இயல்பாகிவிடுகிறது. ஃபிரேமை அசையாமல் நிறுத்திய பிறகு அந்த மங்கலுக்குக் காரணம் சொல்ல எதுவும் மிச்சமில்லை. அதனால் அது தனியாகத் துடிக்கிறது. அளவு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலடி இறங்கும் கணத்தில் கேமரா வினாடிக்கு 20 டிகிரி வேகத்தில் தலை குனிகிறது என்று வைத்துக்கொண்டால், 1/50 வினாடியில் அது 0.4 டிகிரி திரும்பிவிடும். 16 மில்லிமீட்டர் லென்ஸில், 3840 பிக்சல் அகல ஃபிரேமில், அது ஏறத்தாழ 18 பிக்சல் நீளமுள்ள இழுப்பு. ஷட்டரை 1/100 ஆக்கினால் 9 பிக்சல். படத்தைக் கடைசியில் 1920 x 1080 அளவில் கொடுப்பதானால் அது நான்கைந்து பிக்சலாகச் சுருங்கிவிடும். கூர்ந்து பார்ப்பவர் கண்ணுக்குத்தான் தெரியும்.

அப்படியானால் 1/200-க்கே போய்விடலாமே என்று தோன்றும். பகல் வெயிலில் போகலாம்; ஏலக்கூடத்தில் போக முடியாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. 1/50, 1/100 என்ற இரண்டு ஷட்டர் நேரங்களும் அந்த ஏற்ற இறக்கத்தை முழுச் சுற்றாக உள்வாங்கிவிடும். 1/200 அரைச் சுற்றைத்தான் பிடிக்கும் என்பதால், ஃபிரேமில் குறுக்குவாட்டில் இருண்ட பட்டைகள் விழுகின்றன. இந்தப் பட்டையை எடிட்டிங்கில் நீக்குவது ஆட்டத்தை நீக்குவதைவிடப் பெரிய வேலை. ஆகவே நம் ஊர் விளக்குகளின் கீழே, மென்பொருளை நம்பி நடந்து எடுக்கும் ஷாட்டுக்கு 1/100 என்பதுதான் நான் வைக்கும் எல்லை. அதற்கு ஈடாக ஐஎஸ்ஓ 1600-இலிருந்து 3200-க்கு ஏறியது. இருண்ட கூரைப் பகுதியிலும் பெண்ணின் கரும்பச்சைப் புடவை மடிப்புகளிலும் புள்ளி இரைச்சல் கூடியது. மென்பொருள் கேட்கும் முதல் விலை இது. படம் எடுக்கும்போதே வெளிச்சத்தில் கொடுத்துவிட வேண்டிய விலை என்பதால் பின்னால் தவணையில் கட்ட வழியில்லை.

இரண்டாவது விலை பிக்சல். ஃபிரேமை எதிர்த்திசையில் நகர்த்தினால் ஓரங்களில் கருப்பு இடைவெளி தெரியும். அதை மறைக்கப் படத்தைப் பெரிதாக்கித்தான் ஆக வேண்டும். என் ஷாட்டில் ஏறக்குறைய 1.25 மடங்கு பெரிதாக்க வேண்டியிருந்தது. அதாவது 3840 x 2160-இல் உண்மையில் மிஞ்சியது 3072 x 1728. பரப்பளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே போய்விட்டது. 16 மில்லிமீட்டர் லென்ஸ் 20 மில்லிமீட்டர் லென்ஸ் போல ஆகி, கூட்டத்தின் நெருக்கமும் சற்றுக் குறைந்தது. கொடுக்கும் படம் 1080 அளவு என்றால் 4கே-யில் எடுத்ததற்கு இந்த வெட்டு வலிக்காது. 1080-இலேயே எடுத்து 1080-இலேயே கொடுப்பவர்களுக்கு மிஞ்சுவது 1536 x 864 தான். அதை இழுத்துப் பெரிதாக்கும்போது முதலில் மழுங்குவது நுண்ணிய விவரம். வஞ்சிரத்தின் விலாவில் இருக்கும் சின்னப் புள்ளிகள் சாம்பல் தடமாகிவிடுவதைக் கணினித் திரையில் முழு அளவில் வைத்துப் பார்த்தால் உடனே காணலாம்.

மூன்றாவது ஒன்று உண்டு. அதை நான் விலை என்று சொல்வதைவிட மென்பொருள் ஏமாந்துபோவது என்றுதான் சொல்வேன். படத்திலுள்ள புள்ளிகளைப் பின்தொடர்ந்துதான் கேமரா எப்படி அசைந்தது என்பதை மென்பொருள் ஊகிக்கிறது. ஏலக்கூடத்தில் ஃபிரேமின் பாதியை அடைத்தபடி ஓர் லோடுமேன் குறுக்கே போனால், அவருடைய அசைவையே கேமராவின் அசைவு என்று எடுத்துக்கொண்டு, அவரை நிறுத்துவதற்காகப் பின்னாலிருக்கும் தூண்களை இழுத்துவிடுகிறது. Similarity-க்குப் பதில் Perspective முறையையோ, Premiere-இல் இருக்கும் Warp Stabilizer-இன் Subspace Warp முறையையோ போட்டால் இன்னும் மோசம். முன்னதில் படம் முழுதும் கோணலாக இழுபடுகிறது; பின்னதில் படத்தின் பகுதிகள் தனித்தனியாக வளைந்து, கூடம் முழுதும் ஜெல்லி போல அசைகிறது. கூட்டத்தில் எடுத்ததற்கு எளிய முறையே நல்லது. Subspace Warp-ஐ Position, Scale, Rotation என்று இறக்கிவிட்டால் ஆட்டம் கொஞ்சம் மிஞ்சும், ஆனால் சுவர் சுவராகவே இருக்கும். கேமரா தன் கைரோ சென்சாரின் அளவீட்டையும் கோப்பிலேயே பதியும் வகையாக இருந்தால், Gyroflow என்ற இலவச மென்பொருளில் போடுவது இதைவிடச் சிறந்தது. அது படத்தைப் பார்த்து ஊகிப்பதில்லை. கேமரா உண்மையில் எவ்வளவு திரும்பியது என்ற பதிவை எடுத்துக்கொள்வதால் எத்தனை பேர் குறுக்கே போனாலும் குழம்புவதில்லை. அதற்கு லென்ஸில் உள்ள ஆப்டிக்கல் நிலைப்படுத்தியை அணைத்துவிட்டு எடுக்க வேண்டும். லென்ஸ் ஒரு திருத்தத்தைச் செய்துவிட்டிருக்க, கைரோ பதிவு அதை அறியாமல் மறுபடியும் திருத்தினால், நின்றிருக்க வேண்டிய படம் புதிதாக ஆடத் தொடங்கும்.

கேமராவிலும் போனிலும் பதிவின்போதே வெட்டி நிலைப்படுத்தும் டிஜிட்டல் வசதி இருக்கிறதே என்றால், அதுவும் இதே கணக்குத்தான்: அதே வெட்டு, மெதுவான ஷட்டரில் அதே துடிப்பு. வேறுபாடு, எடுத்த பிறகு அதைக் கழற்ற முடியாது.

அடுத்து கிம்பல். மென்பொருள் கேட்கும் வெளிச்சத்தைக் கிம்பல் கேட்பதில்லை. என்னைப் பொறுத்தவரை இருட்டில் அதன் பெரிய சிறப்பு அதுதான். கேமராவின் திருப்பத்தை மோட்டார்கள் அந்தக் கணத்திலேயே எதிர்த்துவிடுவதால் ஒளி இழுபடுவதே இல்லை. அதே ஷாட்டைக் கிம்பலில் வைத்து 1/50, ஐஎஸ்ஓ 1600 என்று எடுத்தபோது தரையின் விளக்குப் புள்ளிகள் தொடக்கம் முதல் முடிவு வரை வட்டமாகவே இருந்தன. வெட்டு இல்லாததால் 16 மில்லிமீட்டரின் முழு அகலமும் கிடைத்தது. படத்தின் தரத்தை மட்டும் பார்த்தால் மூன்று வழிகளில் நடந்து எடுப்பதற்கு இதற்கு இணை இல்லை.

ஆனால் கிம்பல் மூன்று அச்சுகளின் திருப்பத்தை மட்டுமே தடுக்கும். நடக்கும்போது உடம்பு மேலும் கீழும் ஏறி இறங்குவதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. தூரத்தில் இருக்கும் பொருள்கள் அந்த ஏற்ற இறக்கத்தில் அசையாதது போலவே தெரியும். லென்ஸுக்கு இரண்டடி தூரத்தில் ஓர் ஐஸ் பெட்டியின் விளிம்பு ஃபிரேமுக்குள் வந்துவிட்டால், அது மட்டும் காலடிக்குக் காலடி எம்பிக் குதிக்கும். அருகில் இருப்பது அதிகமாகவும் தொலைவில் இருப்பது குறைவாகவும் நகர்வதால், மென்பொருளாலும் இதை ஒரே நகர்த்தலில் திருத்த இயலாது. பெட்டியை நிறுத்தினால் கூடம் ஆடும், கூடத்தை நிறுத்தினால் பெட்டி ஆடும். முழங்காலைச் சற்று மடக்கி, குதிகாலிலிருந்து விரல்நுனிக்குப் பாதத்தை உருட்டி நடக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லும் நடை, உலர்ந்த மண்டபத் தரைக்குச் சரி. மீன் நீர் ஓடும் சிமெண்டில் குதிகாலை முதலில் வைத்தால் வழுக்கும். அங்கே முழுப் பாதத்தையும் ஒரே நேரத்தில் வைத்து, அடிகளைச் சிறிதாக்கி, இடுப்புயரம் மாறாமல் நடப்பதுதான் ஒத்துவருகிறது. அத்துடன் அருகிலுள்ள பொருள்கள் ஃபிரேமின் கீழ் ஓரத்தில் வராதபடி கேமராவைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துவிட்டால், மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கம் கண்ணுக்குப் படுவதில்லை.

சமநிலை சரியாக இல்லாத கிம்பல் வேறொரு வகைக் குறையைத் தரும். பெரிய ஆட்டம் இருக்காது. நுண்ணிய ஒரு நடுக்கம் படம் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும், பிடியில் கை வைத்தாலே மோட்டாரின் முனகலை உணரலாம். மோட்டாரை இயக்குவதற்கு முன்பு ஒவ்வொரு அச்சின் பூட்டையும் தனித்தனியாகத் திறந்து, கேமராவை எந்தக் கோணத்தில் விட்டாலும் அந்தக் கோணத்திலேயே அது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்; முதலில் முன்பின் சாய்வு, பிறகு பக்கவாட்டுச் சாய்வு, கடைசியில் இடவலமாகத் திரும்பும் அச்சு. லென்ஸ் மூடி, வெளி மைக், மெமரி கார்டு எல்லாம் படம் எடுக்கும்போது எப்படி இருக்குமோ அப்படியே இருக்கையில் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் ஒரு மூடியைக் கழற்றினாலும் சமநிலை மாறுகிறது. கேமராவின் தோள்பட்டியைக் கழற்றிவிடுவது நல்லது. துறைமுகத்துக் காற்றில் அது பாய்மரம் போல இழுத்து மோட்டாருக்கு வேலை கொடுக்கும்.

கிம்பலின் இன்னொரு விலை அளவுகோலில் வராதது. இரண்டு கையாலும் ஓர் இயந்திரத்தை ஏந்திக்கொண்டு கால் மடக்கி ஒருவன் வந்தால், ஏலக்கூடம் அவனுக்கு வழிவிடுகிறது. "இன்னாபா, சினிமாவா?" என்று கேட்டபடி கூடைக்கார அக்கா ஒருவர் தன் கூடையை நகர்த்தி வைத்தார், ஏலம் கூறுபவர் ஒரு கணம் குரலை நிறுத்தி லென்ஸைப் பார்த்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போகும் பெண்ணைக் காட்டுவதற்காக வைத்த ஷாட்டில், கூட்டமே விலகி நின்றது. படத்தின் தரம் உயர்ந்து, படத்தின் பொருள் கெட்டது. சீராக மிதக்கும் அந்த நகர்வும் அந்த இடத்தின் நெரிசலுக்குப் பொருந்தவில்லை என்பது என் தனிப்பட்ட கருத்து.

எதுவும் இல்லாமல் கைப்பிடியை மட்டும் நம்புவதில் வெளிச்சமும் போகாது, பிக்சலும் போகாது. அதற்கு விலை, நடக்க முடியாது என்பதுதான். நின்ற இடத்தில் எடுக்கும்போது இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில் எடையைத் தாங்க வேண்டும், இரண்டு முழங்கைகளும் விலாவைத் தொட வேண்டும், கழுத்தில் மாட்டிய பட்டி விறைப்பாக இருக்கும்படி கேமராவை முன்னே தள்ளிப் பிடிக்க வேண்டும். இந்த விறைப்பு மூன்றாவது கை போலச் செயல்படுகிறது. தூண் கிடைத்தால் முதுகை அதில் சாய்த்துக்கொண்டு, மூச்சைப் பாதி வெளியே விட்டு, பத்து வினாடி நிறுத்தினால் 16 மில்லிமீட்டரில் முக்காலி தேவைப்படாது. 50 மில்லிமீட்டருக்குப் போனால் அதே கை நடுக்கம் ஏறத்தாழ மூன்று மடங்காகத் தெரியும். ஆகவே ஜூம் செய்வதை விட்டு, அகன்ற லென்ஸோடு நெருங்கிப் போய் நிற்பதே வழி. ஒருவர் நடப்பதைப் பின்தொடர்ந்து கேமராவைத் திருப்ப வேண்டுமானால், திருப்பம் முடியும் திசையில் பாதங்களை வைத்துக்கொண்டு, இடுப்பை மட்டும் தொடக்கத் திசைக்கு முறுக்கி, படம் ஓடும்போது அந்த முறுக்கைத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். தளர்த்தும்போது உடம்பு தானாகவே மெதுவாகி நிற்கிறது. முறுக்கிக்கொண்டே போனால் கடைசியில் நடுங்குகிறது.

ஒரு சிறு விலகல்: மீன்பாடி வண்டியில் உட்கார்ந்துகொண்டே எடுத்தால் டிராலி போல இருக்குமே என்று பலருக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது. மோட்டார் ஓடும் வண்டியின் இரும்புச் சட்டம் தரும் அதிர்வு மிக வேகமானது. சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படித்து முடிப்பதற்குள் கேமரா பலமுறை அசைந்துவிடுவதால், நேர்க்கோடுகள் நெளிந்து பதிகின்றன. ஷட்டரை வேகமாக்கினால் நெளிவு இன்னும் துல்லியமாகத் தெரியுமே தவிரப் போகாது. வண்டியின் சட்டத்தில் எதையும் பூட்டாமல், கேமராவைக் கையில் தூக்கிப் பிடித்து, உடம்பையே அதிர்வை வாங்கும் பஞ்சாக விட்டால்தான் ஓரளவு தப்பிக்கலாம். விசைப்படகின் எஞ்சினுக்கும் இதே கதை.

படத்தில் கடைசியாக அந்த நடையை மூன்று துண்டாக்கினேன். ஏலம் கூறும் இடமும், அந்தப் பெண் கூடையைத் தலைக்கு ஏற்றும் கணமும் தூணில் சாய்ந்து கையால் எடுத்தவை; 1/50, ஐஎஸ்ஓ 1600, எந்தத் திருத்தமும் இல்லை. கூட்டத்துக்குள் அவர் நுழைந்து போவது 1/100, ஐஎஸ்ஓ 3200-இல் வெறுங்கையால் நடந்து எடுத்து மென்பொருளில் நிலைப்படுத்தியது. திருத்தத்தை முழுதாகக் கொடுக்காமல், Strength-ஐக் குறைத்து, காலடியின் சிறு அசைவை விட்டுவைத்தேன். முற்றிலும் நிறுத்தப்பட்ட படத்தில்தான் மிச்ச மங்கல் கண்ணை உறுத்துகிறது, கொஞ்சம் ஆட்டம் இருந்தால் அது அதனோடு சேர்ந்துவிடுகிறது. கூட்டம் முடிந்து வாசலை நோக்கிய திறந்த வெளி கிம்பலில் எடுத்தது. அங்கே விலகி நிற்க ஆளும் இல்லை, அருகில் பெட்டியும் இல்லை.

நடுத்துண்டை எடுக்கும்போது இன்னொரு தேவையும் மனத்தில் இருக்க வேண்டும். இப்போதெல்லாம் படத்தைக் கேட்பவர்கள் போனில் போடுவதற்கு 1080 x 1920 செங்குத்து வடிவமும் கேட்கிறார்கள். 2160 உயரமுள்ள முழு ஃபிரேமிலிருந்து செங்குத்தாக வெட்டினால் 1215 x 2160 கிடைக்கும், தாராளம். 1.25 மடங்கு பெரிதாக்கப்பட்ட துண்டிலிருந்து வெட்டினால் 972 x 1728 தான். தேவையைவிடக் குறைவு என்பதால் இழுத்துப் பெரிதாக்க வேண்டிவரும், ஐஎஸ்ஓ 3200-இன் இரைச்சலும் கூடவே பெரிதாகும். ஃபிரேமின் அகலத்திலும் உயரத்திலும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதபடி Cropping Ratio-வைக் கட்டுப்படுத்தினால் 1093 x 1944 மிஞ்சுகிறது, அது போதும். ஆகவே செங்குத்து வடிவத்துக்கு அந்தத் துண்டைத் தனியாகப் பிரித்து, குறைந்த திருத்தத்தோடு, கூடுதலான ஆட்டத்தோடு ஏற்றுமதி செய்தேன்; போன் திரையின் சிறிய அளவில் அந்த ஆட்டத்தை யாரும் குறையாகச் சொல்லவில்லை.